நாவல் அட்டை: தலைப்பு, பேர், படம் மூணும் சேர்ந்து கத்தினா எது கேக்கும்?

மைக்கோடு · 3 செப்டம்பர் 2024, இரவு 11.20

ஒரு நாவலுக்கு முன்னட்டை செய்துகொண்டிருக்கிறேன். டெம்மி அளவு, அகலம் 140 மி.மீ., உயரம் 216. தலைப்பு "கடைசிப் பாத்தியின் உப்பு". தூத்துக்குடி உப்பளத்துக் கதை. எழுதினவருக்கு இது முதல் நாவல்.

பதிப்பகத்துக்குத் தலைப்பு பெரிசா வேணும். எழுத்தாளருக்குப் பேர் பெரிசா வேணும். எனக்குப் படம் பெரிசா வேணும். மூணு பேரும் நியாயமாகத்தான் பேசுகிறோம், அட்டை மட்டும் நாசமாகப் போகிறது.

இப்போதைய நிலவரம்: சாயங்கால வானம், ஒரு பெண் பலகையால் உப்பு வாருகிறாள், பின்னால் நாலு உப்புக் குவியல், ஓரத்தில் ரெண்டு பூநாரை. அதுக்கு மேலே மஞ்சள் எழுத்தில் தலைப்பு. எழுத்து தெரியவில்லை என்று கறுப்பு விளிம்பு கட்டினேன். அப்பவும் தெரியவில்லை என்று நிழல் போட்டேன். இப்போது அரசியல் கட்சி மாநாட்டு பேனர் மாதிரி இருக்கிறது.

என் கேள்வி: எதைச் சின்னதாக்குவது? விகிதம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

விற்பனைத்தம்பி · 4 செப்டம்பர்

பேரைப் பெரிசாக்குங்க. புத்தகக் கடையில ஆறு வருஷமா நிக்கிறேன். வர்றவங்க "அவரு புதுசா எழுதுனது வந்துருச்சா"ன்னுதான் கேக்குறாங்க, தலைப்பை யாரும் சொல்றதில்ல. பழைய மாத நாவல் அட்டையெல்லாம் பாருங்க, எழுத்தாளர் பேரு தலைப்புக்குச் சமமா இருக்கும். சும்மாவா போட்டாங்க?

மைக்கோடு · 4 செப்டம்பர்

தம்பி, "அவரு" என்று கேட்க அவரை முதலில் தெரிந்திருக்க வேண்டுமே. இது முதல் நாவல். இவர் பேரை வீட்டுக்கார அம்மாவும் பால்காரரும்தான் கேட்பார்கள்.

விற்பனைத்தம்பி · 4 செப்டம்பர்

அது சரிதான். ஆனா இன்னொண்ணு சொல்றேன், இது பேரு பத்தினது இல்ல. சாய்வுத் தட்டுல புத்தகத்தை வரிசையா அடுக்கும்போது முன்வரிசை பின்வரிசையை மறைக்கும். மேலே மூணுல ஒரு பங்குதான் வெளிய தெரியும். நீங்க கீழே என்ன வரைஞ்சாலும் பாதிக் கடையில அது தெரியாது.

மைக்கோடு · 4 செப்டம்பர், நள்ளிரவு

இதை நான் யோசித்ததே இல்லை. ஆறு அட்டை செய்திருக்கிறேன், ஆறையும் திரையில் முழுசாகத்தான் பார்த்திருக்கிறேன். 216-ல் மூணில் ஒன்று 72 மி.மீ. என் தலைப்பு இப்போது 95-லிருந்துதான் ஆரம்பிக்கிறது. அப்படியானால் அந்தத் தட்டில் என் நாவல் வெறும் ஆரஞ்சு வானம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் · 5 செப்டம்பர்

எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கும் இதே பிரச்சினை. அட்டையில் பள்ளியின் பெயர், நிறுவனர் படம், சிறப்பு விருந்தினர் படம், தாளாளர் படம், பள்ளிக் கட்டடம், விளக்கு, புறா. கட்டடத்தைச் சிறிதாக்கலாம் என்றால் கட்டடம் கட்டித் தந்தவர் கோபித்துக்கொள்கிறார். தாங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

மைக்கோடு · 5 செப்டம்பர்

ஐயா, இது நாவல் அட்டை. இங்கே கோபித்துக்கொள்ள ஒருவர்தான் இருக்கிறார். அதற்கே முடியவில்லை. புறாவை எடுத்துவிடலாம், அது எதுவும் சொல்லாது.

அச்சக அண்ணாச்சி · 5 செப்டம்பர், இரவு

சிவகாசியில ஆப்செட் ஓட்டுதவன். இருவத்தஞ்சு வருஷமா அட்டைதான் பாக்கேன். விகிதம்னு ஒண்ணு கிடையாதும்மா. எழுத்துக்கு நிழலும் விளிம்பும் போட வேண்டி வந்துட்டுன்னா எழுத்து சின்னதா இருக்குன்னு அர்த்தம் இல்ல, எழுத்துக்குக் கீழ படம் கெடக்குன்னு அர்த்தம். எழுத்து உக்கார எடம் இல்லாத படத்தை எடுத்து வச்சிக்கிட்டு எழுத்தைப் பெருசாக்கினா என்னாகும், ரெண்டும் கெட்டுப் போகும்.

ஒங்க படத்துல எத்தன சாமான் இருக்கு? பொம்பளை, பலகை, குவியல் நாலு, பறவை ரெண்டு, சூரியன். அதுல ஒண்ணை மட்டும் வைக்கணும்னா எதை வைப்பீங்க? அதைச் சொல்லுங்க, பொறவு அளவு பேசுவோம்.

மைக்கோடு · 6 செப்டம்பர்

முதலில் அந்தப் பெண் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் முகம் யாருடையது என்ற கேள்வி வருகிறது. கதாநாயகிக்கு ஒரு முகம் கொடுத்துவிட்டால் வாசிக்கிறவர் அந்த முகத்தோடேதான் முந்நூறு பக்கமும் போக வேண்டும். பறவை அழகுக்கு வந்தது. சூரியன் பழக்கத்துக்கு வந்தது.

மிச்சம் குவியல். கதையில் கடைசி அத்தியாயத்தில் மழைக்கு முன்னால் ஒரே ஒரு குவியலைப் பனை ஓலை போட்டு மூடாமல் விட்டுவிடுவார்கள். அந்த ஒற்றைக் குவியல்.

பழையபுத்தகக்காரன் · 6 செப்டம்பர்

படமே வேண்டாமே. 1935-ல் பெங்குவின் நாவல்கள் வந்தபோது அட்டையில் ஆரஞ்சு, வெள்ளை, ஆரஞ்சு என்று மூணு பட்டை, நடுவில் தலைப்பு, எழுத்தாளர் பேர், கீழே சின்னதாய் ஒரு பறவை. அவ்வளவுதான். இன்னும் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

மைக்கோடு · 6 செப்டம்பர்

அங்கே ஆரஞ்சுதான் படம். ஒரே பதிப்பகத்தின் பல புத்தகங்கள் அதே பட்டையோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் அது வேலை செய்தது. என்னுடையது ஒண்டி ஆள். பதிப்பகத்தில் போன மாதம் வந்தது சமையல் புத்தகம்.

பழையபுத்தகக்காரன் · 6 செப்டம்பர்

ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் ஆதிமூலம் வழி. 2008-ல் காலமான ஓவியர் கே.எம். ஆதிமூலம், காந்தியைக் கோட்டோவியமாக வரைந்தவர். பத்திரிகைத் தலைப்புக்கும் புத்தக அட்டைக்கும் தூரிகையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த எழுத்தில் மை காய்ந்து இழுபட்ட தடம் இருக்கும், அதுவே பார்க்கப் போதும். தலைப்பையே படமாக்கிவிட்டால் உங்கள் மூன்று பேர் சண்டை இரண்டு பேர் சண்டையாகிவிடும்.

மைக்கோடு · 8 செப்டம்பர்

ரெண்டு நாள் தூரிகை பிடித்துப் பார்த்தேன். எனக்குக் கை வரவில்லை. "உப்பு" மட்டும் ஒரு தடவை நன்றாக வந்தது. அதில் மயங்கித்தான் அடுத்த தப்பைச் செய்தேன்.

"கடைசிப் பாத்தியின்" என்பதை ஒரே வரியாக மேலே வைத்தேன். ஓரத்துக்குப் பத்து மி.மீ. விட்டால் 120 மி.மீ. அகலம் கிடைக்கும், அதில் அடங்க எழுத்து உயரம் 8-க்கு மேல் போகவில்லை. கீழே "உப்பு" மட்டும் 30 மி.மீ. உயரத்தில். பார்க்க ஜோராக இருந்தது. நண்பர்கள் ஐந்து பேருக்கு அனுப்பி, ஒரு மணி நேரம் கழித்து "புத்தகத்தின் பேர் என்ன?" என்று கேட்டேன். நாலு பேர் "உப்பு" என்றார்கள். ஐந்தாவது ஆள் இன்னும் அட்டையைத் திறந்து பார்க்கவில்லை.

எழுத்தாளருக்கு விஷயம் தெரிந்து, "கடைசிப் பாத்திக்காகத்தான்க்கா மூணு வருஷம் எழுதினேன்" என்றார்.

உப்பு எழுதினவன் · 8 செப்டம்பர்

அந்த எழுத்தாளர் நான்தான். அக்கா இழையை அனுப்பினாங்க. எல்லாத்தையும் வாசிச்சேன், பால்காரர் வரைக்கும்.

நான் பேர் பெரிசா கேட்டது ஆசையில இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா காரணமும் உண்டு. எங்க அப்பாவும் அம்மாவும் உப்பளத்துல வேலை பார்த்தவங்க. அவங்க பேர் சம்பளச் சிட்டை தவிர வேற எதுலயும் அச்சானதில்ல. அப்பா பேரோட முதலெழுத்து என் பேருக்கு முன்னால இருக்கு. அது எட்டி நின்னு பார்த்தாலும் தெரியணும்.

மைக்கோடு · 9 செப்டம்பர்

இதற்கு என்ன பதில் எழுத என்று தெரியவில்லை. பால்காரர் விஷயத்துக்கு மன்னிக்கணும் தம்பி.

அளவுக்குத் திரும்புகிறேன். மூன்று சொல்லும் ஒரே அளவு, மூன்று வரி, நடுவில் சேர்த்து. 14 மி.மீ. உயரத்தில் "பாத்தியின்" 105 மி.மீ. வருகிறது, அதுதான் நீளமான சொல். அகலத்தை அதுதான் தீர்மானிக்கிறது, நான் இல்லை. "உப்பு" 55 தான்.

பிரச்சினை வரிகளுக்கு நடுவில். "பாத்தியின்" நடுவில் உள்ள த், தி ரெண்டுக்கும் வால் கீழே இறங்குகிறது. அதற்கு நேர் கீழே "உப்பு"வின் ப், அதன் தலையில் புள்ளி. வாலும் புள்ளியும் முட்டிக்கொள்கின்றன. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் புள்ளி த-வின் வாலில் தொங்கும் சொட்டு மாதிரி இருக்கிறது. முட்டாமல் இருக்க ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 27 மி.மீ. விட வேண்டியிருக்கிறது. அப்படி விட்டால் தலைப்பு 85-க்குப் போய்விடுகிறது, தட்டு மறைக்கும் எல்லையைத் தாண்டி.

மின்னூல்காரி · 9 செப்டம்பர்

எதுக்கு இவ்வளவு கஷ்டம்? எழுத்துகளுக்கு நடுவில இடைவெளி கூட்டி விடுங்க. சினிமா போஸ்டர்ல எல்லாம் அப்படித்தான், அகலமா விரிஞ்சு நிக்கும். நான் என் மின்னூல் அட்டை மூணுக்கும் அப்படித்தான் செஞ்சேன்.

அச்சக அண்ணாச்சி · 9 செப்டம்பர்

அது இங்கிலீஷ் எழுத்துக்குத் தாங்கும் தாயி. தமிழ்ல பாத்துச் செய்யணும். "கடைசி"யில டை இருக்குல்லா, அந்த முன்னாடிக் கொம்பு ட-வை விட்டு விலகி க-வுக்கும் ட-வுக்கும் நடுவுல அனாதையா நிக்கும். "பா"வுல கால் தனியாப் போயிரும், தூரத்துல பாத்தா ர மாதிரித் தெரியும்.

மைக்கோடு · 9 செப்டம்பர்

செய்து பார்த்துவிட்டேன் அண்ணாச்சி, நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே. ஒருத்தர் பரதவப் பெண் என்று நினைத்து "பரத்தியின்" என்றே வாசித்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கதை என்பதால் அதுவும் பொருந்துகிறதே என்று பாராட்டினார்.

மின்னூல்காரி · 10 செப்டம்பர்

என் அட்டைகளை இப்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு தலைப்புல "கொ" இருக்கு. கொம்பு, க, கால் மூணும் மூணு தெருவுல நிக்குது. ரெண்டு வருஷமா யாரும் சொல்லல.

இன்னொரு சந்தேகம். சில மென்பொருள்ல ஒட்டினாலே கொம்பு இடம் மாறி விழுது. அதுக்கு என்ன செய்றது?

மைக்கோடு · 10 செப்டம்பர்

இன்டிசைன் என்றால் பத்திப் பலகத்தின் பட்டியலில் Adobe World-Ready Paragraph Composer என்பதைத் தேர்ந்தெடுங்கள், யூனிகோடு எழுத்து ஒழுங்காக நிற்கும். அச்சுக்கு அனுப்பும்போது தலைப்பைக் கோடாக மாற்றி அனுப்பிவிடுவேன், Create Outlines. முதல் அட்டையில் அதைச் செய்யாமல் அனுப்பினேன். அங்கே அந்த எழுத்துரு இல்லை, வேறு எழுத்துருவில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். எழுத்தாளர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

மைக்கோடு · 12 செப்டம்பர், விடிகாலை 2 மணி

கண்டுபிடித்துவிட்டேன். நடுவில் சேர்க்காமல் மூன்று வரியையும் வலது ஓரத்துக்குத் தள்ளினேன்.

இப்போது "உப்பு" போய் "தியின்" கீழே நிற்கிறது. தி-யின் வால் இறங்கும் இடத்தில் கீழே இருப்பது உ. உ-வின் தலையில் ஒன்றும் கிடையாது, மொட்டை. வால் அந்தக் காலியிடத்தில் சுகமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ப்-இன் புள்ளி "யி"க்கு அடியில் வருகிறது, யி-க்குக் கீழே வால் இல்லை. 27 விட்ட இடத்தில் இப்போது 21 போதும். மேல் ஓரம் 12, கொக்கிக்கும் புள்ளிக்கும் 5, முதல் வரி 14, பிறகு ரெண்டு 21. மொத்தம் 73. பு-வின் கீழ்க்கோடு மட்டும் எல்லையைக் கொஞ்சம் தாண்டுகிறது, தாண்டட்டும்.

எழுத்தை ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரிசாக்கவில்லை. ஆனால் பெரிசான மாதிரி இருக்கிறது. வரிகள் நெருங்கி வந்ததால் மூன்று சொல்லும் ஒரே கட்டையாகக் கண்ணில் படுகிறது என்று நினைக்கிறேன். தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம், காலையில் பார்க்கிறேன்.

மைக்கோடு · 12 செப்டம்பர், காலை

பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

தலைப்பு வலது மேல்மூலையில் நின்றதும் படமும் தானாக இடம் மாறியது. குவியல் இடது பக்கம் கீழே, அதன் சரிவு வலப்பக்கம் இறங்குகிறது. உச்சி தலைப்புக்குக் கீழே நின்றுவிடுகிறது, எழுத்தைத் தொடுவதில்லை. பின்னால் வெறும் இருட்டு நீலம். தலைப்பு வெள்ளை. விளிம்பும் இல்லை, நிழலும் இல்லை.

போனில் 25 மி.மீ. அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்தேன். 140-க்கு 25 என்றால் எல்லாம் ஐந்தரை மடங்குக்குமேல் சுருங்கும். தலைப்பு எழுத்து இரண்டரை மி.மீ. வருகிறது, வாசிக்க முடிகிறது. குவியல் ஒரு வெள்ளை முக்கோணம். பேரை 6 மி.மீ.யில் வைத்திருந்தேன், அது ஒரு மி.மீ. ஆகி எறும்பு வரிசையாகிவிட்டது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இணையக் கடையில் படத்துக்குக் கீழேயே பேர் தனியாக எழுத்தில் வரும்.

விற்பனைத்தம்பி · 12 செப்டம்பர்

அந்த 6 மி.மீ. பேரை எங்க வச்சிருக்கீங்க? தலைப்புக்கு மேலயா, கீழயா? மேல வச்சா தட்டுல தெரியும். தம்பியோட அப்பா இனிஷியலும் தெரியும்.

மைக்கோடு · 12 செப்டம்பர்

மேலே வைத்தால் தலைப்பு 10 மி.மீ. கீழே இறங்கி "உப்பு" பாதிக்குமேல் மறையும். இப்போதைக்கு நீலத்தில், தலைப்புக்கு அடியில், வெள்ளையில் மெல்லிய எழுத்தில் வைத்திருக்கிறேன்.

அச்சக அண்ணாச்சி · 12 செப்டம்பர், இரவு

ரெண்டு விஷயம். பொறுமையா வாசிங்க.

ஒண்ணு, அந்த நீலம் எதுல கலக்கீங்க? நாலு மையும் ஏத்தி இருட்டாக்கி, அதுல மெல்லிய வெள்ளை எழுத்தை விட்டீங்கன்னா, அந்த வெள்ளை மை இல்ல, மை விழாத அட்டை. நாலு பிளேட்டுல ஒண்ணு தலைமுடி அளவு விலகினாப் போதும், எழுத்துக்குள்ள மை ஏறிரும். 14 மில்லி தடிச்ச எழுத்து அதைத் தாங்கும். 6 மில்லி மெல்லிசு தாங்காது, முதலெழுத்துக்குப் பொறவு வர்ற புள்ளி மூடியே போகும். அந்தப் பய கேட்டதே அந்த இனிஷியலைத்தான். சயானும் கறுப்பும் மட்டும் வச்சு நீலத்தைச் செய்யுங்க, விலகுனாலும் ரெண்டு பிளேட்டோட போகும். மெஜந்தாவை நெறைய ஏத்தினா ஊதா அடிக்கும், திரையில தெரியாது, அட்டையில தெரியும்.

ரெண்டாவது, உப்பு. எங்ககிட்ட வெள்ளை மை கிடையாது. ஒங்க குவியலுக்கு நெறமே ஆர்ட் கார்டுதான். ஒண்ணுமே அடிக்காம விட்டீங்கன்னா உப்பாத் தெரியாது, படம் அச்சாகாம விட்டுப்போன ஓட்டையாத் தெரியும். சரிவோட நிழல் பக்கத்துல எட்டுப் பத்து சதவீதம் சாம்பல் குடுங்க. ரெண்டு மூணு சதவீதம் குடுத்துட்டு ஏமாறாதீங்க, அந்தப் புள்ளி பிளேட்டுல நிக்காது.

மைக்கோடு · 14 செப்டம்பர்

அண்ணாச்சி சொன்னதை வைத்து ஒன்று தோன்றியது. வெள்ளையில் நீல எழுத்து போட்டால் விலகினாலும் எழுத்து மூடாது. குவியலின் அடிவாரம் முழுக்க வெள்ளை. பேரை அங்கே இறக்கினேன். கொஞ்சம் தடித்த எழுத்து, அதே 6 மி.மீ. சுத்தி எதுவுமே இல்லை, வெறும் உப்பு.

வீட்டில் ஏ4-ல் அச்செடுத்து, அளவுக்கு வெட்டி, அலமாரியில் சாய்த்து வைத்து, அடுப்படி வாசலிலிருந்து பார்த்தேன். முதலில் குவியல். பிறகு தலைப்பு. பிறகு கண் சரிவு வழியாகக் கீழே வழுக்கிப் பேரில் போய் நிற்கிறது. நீலத்தில் வைத்திருந்தபோது அதே அளவுப் பேரை அங்கிருந்து வாசிக்க முடியவில்லை.

தம்பி, எட்டி நின்று பார்த்தேன். முதலெழுத்தும் புள்ளியும் தெரிகிறது.

உப்பு எழுதினவன் · 14 செப்டம்பர்

அக்கா, அப்பாகிட்ட காட்டினேன். "ஓலை போடலியே, மழை வந்தா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான் சொன்னார். பேரைப் பத்தி எதுவும் சொல்லல. எனக்கு அது போதும்.

விற்பனைத்தம்பி · 15 செப்டம்பர்

எனக்குப் போதல. பேர் கீழ போனதால தட்டுல சுத்தமா மறையும். நான் முதல்ல சொன்னதையே திரும்பச் சொல்றேன். இவரோட ரெண்டாவது நாவல் வரும்போது இதையே தேடி வருவாங்க, பேர் மனசுல நின்னிருக்கணும்.

பழையபுத்தகக்காரன் · 15 செப்டம்பர்

ரெண்டாவது நாவலில் பேரைப் பெரிசாகப் போட்டுக்கொள்ளலாமே.

விற்பனைத்தம்பி · 15 செப்டம்பர்

முதலாவது வித்தாத்தானே ரெண்டாவது.

மைக்கோடு · 16 செப்டம்பர்

இதில் தம்பி பக்கமும் நியாயம் இருக்கிறது, தீர்க்க முடியவில்லை. முதுகுப் பட்டையில் பேரை நன்றாகத் தடிக்க வைக்கிறேன், அலமாரியில் நிற்கும்போது அதுதானே தெரியும். தட்டு விஷயத்தில் தோற்றுவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் · 20 செப்டம்பர்

இழை முழுவதும் வாசித்தேன். ஆண்டு மலர் அட்டையில் பள்ளி மணியை மட்டும் போட்டோம். எல்லாப் படங்களும் உள் அட்டைக்குப் போய்விட்டன. தாளாளர் ஒரு வாரம் பேசவில்லை. கட்டடம் கட்டித் தந்தவர், மணியும் தாம் வாங்கித் தந்ததுதான் என்று மகிழ்ச்சியாக இருக்கிறார்.

அச்சக அண்ணாச்சி · 21 செப்டம்பர்

மேட் லேமினேஷன் போடுறதா இருந்தா நீலத்தை ஒரு படி வெளிச்சமா வச்சு அனுப்புங்க, படலம் ஏறினா இருட்டு இன்னும் மங்கும். அந்த நீலத்துல நகம் பட்டாலும் கோடு விழும், கட்டுக்குள்ள தாள் வச்சுக் கட்டச் சொல்லுங்க. அடியில வெள்ளை, கைபட்டு அழுக்காகும். அதுக்கு வழியில்ல.

மைக்கோடு · 3 டிசம்பர்

மாதிரிப் பிரதி வந்தது. நீலம் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கறுப்பு. வெளிச்சமாக வைத்தேன், போதவில்லை. உப்பு நன்றாக இருக்கிறது. சாம்பல் புள்ளிகள் கிட்டத்தில் பார்க்கும்போது பரல் பரலாகத் தெரிகின்றன, அதைத் திட்டமிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதிப்பகத்தில் "தலைப்பை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கியிருக்கலாம்" என்றார்கள். 14 மி.மீ. தான் என்று சொல்லாமல் "ஆக்கியாச்சு சார்" என்றேன். "ஆமா, இப்பப் பரவாயில்ல" என்றார்கள்.

மைக்கோடு · 5 ஜனவரி 2025

நந்தனம் புத்தகக் காட்சியில் பார்த்தேன். தட்டில் தம்பி சொன்ன மாதிரியே அடுக்கியிருந்தார்கள். மூன்று வரியும் தெரிந்தது, பு-வின் கீழ்க்கோடு மறைந்திருந்தது, பேர் இல்லை.

கையில் எடுத்தேன். பத்து சதவீதத் தள்ளுபடி என்று வட்டமாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். ஒட்ட எங்கே காலியிடம் இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள், குவியலின் நடுவில் ஒட்டிவிட்டார்கள், பேருக்கு ஒரு விரற்கடை மேலே.

உப்பு எழுதினவன் · 5 ஜனவரி

நானும் பார்த்தேன்க்கா. பக்கத்துல நின்ன அம்மா எடுத்துப் பார்த்துட்டு, "நிலா ஏன் உப்புல விழுந்து கெடக்கு?"ன்னு கேட்டாங்க. கேட்டுட்டு வாங்கிட்டுப் போனாங்க.